மாணவரின் பயண, மருத்துவக் காப்பீட்டு அட்டவணையைத் தமிழாக்குதல்: வரம்பும் எக்ஸஸ் தொகையும் பிசகாமல் இருக்க

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர், பரிமாற்றத் திட்டத்தின் கீழ் ஒரு பருவம் படிப்பதற்காக ஜே-1 விசாவில் அமெரிக்கா செல்கிறார். அவருக்காக எடுக்கப்பட்ட பயண, மருத்துவக் காப்பீட்டு பாலிசியின் அட்டவணையைத் தமிழில் தரும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. தூதரகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஆங்கில மூலமே போகும். தமிழாக்கம் மாணவரின் தந்தைக்காக. பிரீமியம் கட்டியவர் அவர்தான், மகனுக்கு அங்கே ஏதேனும் நேர்ந்தால் நிறுவனத்தின் உதவி மையத்தை அழைத்துப் பேசப் போகிறவரும் அவர்தான். அவர் தமிழ் மட்டுமே சரளமாகப் படிப்பவர்.

அட்டவணையில் காப்புப் பகுதி, உச்ச வரம்பு, எக்ஸஸ் என்று மூன்று பத்திகள் இருக்கின்றன. எனக்கு ஐயம் தரும் வரிகள் மட்டும் கீழே. தொகைகள் அனைத்தும் அமெரிக்க டாலரில் உள்ளன.

மருத்துவச் செலவு: வரம்பு 250,000, எக்ஸஸ் 100
அவசர மருத்துவ இடமாற்றம்: வரம்பு 'இன்க்ளூடட்', எக்ஸஸ் 'நில்'
இறந்தவரின் உடலைத் தாயகம் அனுப்புதல்: வரம்பு 25,000, எக்ஸஸ் 'நில்'
பல் சிகிச்சை: வரம்பு 500, எக்ஸஸ் 100
பெட்டி தாமதமாக வந்து சேர்தல்: வரம்பு 100, எக்ஸஸ் 12 மணி நேரம்
மூன்றாம் நபருக்கான பொறுப்பு: வரம்பு 100,000, எக்ஸஸ் 200

அட்டவணையின் அடியில், எக்ஸஸ் ஒவ்வொரு க்ளெய்முக்கும் பொருந்தும் என்று ஒரு வரி இருக்கிறது. எக்ஸஸ் என்ற பத்தித் தலைப்பை எப்படி எழுதுவது, 'இன்க்ளூடட்' என்பதை அப்படியே 'சேர்க்கப்பட்டுள்ளது' என்று விட்டுவிடலாமா, எண்களை நம் முறையில் 2,50,000 என்று மாற்றலாமா என்பவை என் கேள்விகள். இத்தகைய ஆவணத்தைக் கையாண்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

க்ளெய்ம் மேசை

பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் க்ளெய்ம் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் பத்தித் தலைப்பு. எக்ஸஸ் என்பதை 'கூடுதல் தொகை' என்று எழுதிய தமிழ்த் தாள்களைப் பார்த்திருக்கிறேன். அது பொருளைத் தலைகீழாக்கிவிடும். வரம்பு 500, கூடுதல் தொகை 100 என்று படிக்கும் தந்தை, நிறுவனம் மொத்தம் 600 டாலர் தரும் என்றே எடுத்துக்கொள்வார். உண்மையில் அந்த 100 டாலரை அவர் மகன் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். 'விலக்குத் தொகை' என்று எழுதுபவர்களும் உண்டு. அது தவறான தமிழ் அல்ல. ஆனால் இதே பாலிசியில் எதற்கெல்லாம் காப்பு இல்லை என்பதைச் சொல்லும் பகுதிக்கு 'விலக்குகள்' என்று தலைப்பிட வேண்டியிருக்கும். ஒரே சொல்லின் வேரை இரண்டு வெவ்வேறு செய்திகளுக்கு ஒரே ஆவணத்தில் ஆள்வது சரியல்ல. 'சொந்தப் பொறுப்பு' என்று எழுதினாலும் கடைசி வரியில் உள்ள மூன்றாம் நபர் பொறுப்போடு மோதும். எனவே 'காப்பீடு பெற்றவர் தாமே ஏற்க வேண்டியது' என்று நீளமாக எழுதிவிடுங்கள். பத்தித் தலைப்பு இரண்டு வரியானாலும் பரவாயில்லை.

'தொகை' என்ற சொல்லை நான் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. உங்கள் ஐந்தாவது வரியைப் பாருங்கள், அங்கே எக்ஸஸ் என்பது பணமே அல்ல. பெட்டி 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால்தான் அந்தக் காப்பு தொடங்கும். தலைப்பில் 'தொகை' என்று இருந்தால் 12 மணி நேரம் என்ற விவரம் பொருளற்றுப் போகும்.

அடுத்து, நீங்கள் கேள்வியாகக் கேட்காத ஒன்று. என் அனுபவத்தில் குடும்பங்களுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே அதிகம் சச்சரவு எழுவது அந்த அடிக்குறிப்பில்தான். 'ஒவ்வொரு க்ளெய்முக்கும்' என்றால் எதற்கு? மாணவர் கூடைப்பந்து ஆடும்போது கணுக்கால் சுளுக்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். அவசரச் சிகிச்சைப் பிரிவு 1,900 டாலருக்கு ரசீது தருகிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் தனியாக 280 டாலர் கேட்கிறார். இரண்டு வாரம் கழித்துக் காட்டச் சென்றதற்கு 170 டாலர். அமெரிக்காவில் ஒரே சிகிச்சைக்கு இப்படிப் பல இடங்களிலிருந்து தனித்தனி ரசீது வருவது வழக்கமே. மூன்றும் சேர்த்து 2,350 டாலர். எக்ஸஸ் ஒரு விபத்துக்கு ஒரு முறை என்றால் 100 கழிந்து 2,250 கிடைக்கும். ஒவ்வொரு ரசீதுக்கும் என்றால் 1,800, 180, 70 ஆக 2,050 மட்டுமே கிடைக்கும். 200 டாலர் வித்தியாசம்.

இதற்கான விடை அட்டவணையில் இருக்காது, பாலிசியின் விதிமுறைப் பகுதியில்தான் இருக்கும். ஒரே விபத்தாலோ ஒரே நோயாலோ எழும் செலவுகள் அனைத்தும் ஒரே க்ளெய்மாகக் கருதப்படும் என்று அங்கே ஒரு வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள். மொழிபெயர்க்கத் தரப்பட்டது அட்டவணை மட்டும்தான் என்றாலும் விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் இந்த அட்டவணையைப் பிசகின்றித் தமிழாக்க முடியாது.

---

கொங்குக் கணக்கர்

ஐயா சொன்னது முழுவதும் சரி. எண்களைப் பற்றி மட்டும் என் கருத்து. தந்தை மதுரைக்காரர், அவருக்கு லட்சம், கோடிதான் பழக்கம். 250,000 என்று மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்த எண்ணை அவர் தடுமாறித்தான் படிப்பார். 2,50,000 என்று மாற்றினால் மதிப்பு மாறப்போவதில்லை. அத்துடன் இன்றைய மாற்று விகிதத்தில் ரூபாய் மதிப்பையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டால் ஒரே பார்வையில் புரிந்துவிடும். என் வாடிக்கையாளர்களுக்கு நான் அப்படித்தான் செய்து கொடுக்கிறேன், ஒருவரும் குறை சொன்னதில்லை.

---

மெய்ப்பு நோக்குநர்

கணக்கரே, மதிப்பு மாறாது என்பது உண்மை. தந்தைக்குப் படிக்க எளிது என்பதும் உண்மை. ஆனால் அவர் இந்தத் தாளை எப்படிப் பயன்படுத்துவார் என்று பாருங்கள். இரவில் மகனிடமிருந்து அழைப்பு வருகிறது. அவர் ஒரு கையில் ஆங்கில அட்டவணையையும் மறு கையில் தமிழ்த் தாளையும் வைத்துக்கொண்டு உதவி மையத்தோடு பேசுகிறார். மறுமுனையில் இருப்பவர் கணினித் திரையில் 250,000 என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு தாள்களிலும் எண் ஒரே வடிவில் இருந்தால்தான் வரிக்கு வரி ஒத்துப்பார்க்க முடியும். எனவே இலக்கங்களை மூலத்தில் உள்ளபடியே விட்டு, பக்கத்தில் எழுத்தால் 'இரண்டரை லட்சம்' என்று எழுதுவது நல்லது. எழுத்தால் எழுதும்போது ஒரு பாதுகாப்பும் கிடைக்கிறது. தட்டச்சில் ஒரு சுழி விடுபட்டு 25,000 ஆகிவிட்டால் எழுத்து அதைக் காட்டிக்கொடுக்கும். இந்த அட்டவணையில் 25,000 என்ற எண்ணும் உண்மையாகவே இரண்டு வரி தள்ளி இருப்பதால், அத்தகைய பிழை எளிதில் கண்ணில் படாது.

ரூபாய் மதிப்பை அட்டவணைக்குள் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. பாலிசி டாலரில் எழுதப்பட்ட ஒப்பந்தம். மாற்று விகிதம் நாள்தோறும் மாறும். குடும்பம் முதலில் தன் கைப்பணத்தைக் கட்டிவிட்டு இங்கே ரூபாயில் திரும்பப் பெறும்போது எந்த நாளின் விகிதத்தில் தருவார்கள் என்பதை அந்தப் பாலிசியின் விதிமுறைதான் தீர்மானிக்கும். நீங்கள் இன்றைக்குப் போட்டுத் தரும் ரூபாய்த் தொகையை, நிறுவனம் தருவதாகச் சொன்ன தொகை என்று அவர் நினைத்துக்கொண்டால் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரின் தலையில்தான் விழும். தோராய மதிப்பு வேண்டுமென்று அவரே கேட்டால், தேதியிட்டுத் தனித் தாளில் தாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஐரோப்பா செல்லும் மாணவர்களின் ஆவணங்களில் இலக்கப் பிரிப்பு இதைவிடப் பெரிய ஆபத்தைத் தரும். ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு வேண்டும். அதை ஜெர்மானிய ஆவணம் 30.000,00 என்று அச்சிடும். அங்கே புள்ளிதான் ஆயிரத்தைப் பிரிக்கும், காற்புள்ளிதான் தசமத்தைப் பிரிக்கும். அதை அப்படியே தமிழ்த் தாளில் ஒட்டினால், நம்மவர் முப்பது யூரோ என்று படித்தாலும் அவரைக் குறை சொல்ல முடியாது. இலக்கத்தை மூலத்தில் உள்ளபடி விடுங்கள் என்று நான் சொல்வது இந்த மதுரை ஆவணத்துக்குத்தான். ஜெர்மானிய மூலமாக இருந்தால் வடிவை மாற்றியே ஆக வேண்டும், மாற்றியதை அடிக்குறிப்பில் சொல்லவும் வேண்டும்.

---

கொங்குக் கணக்கர்

தேதியிட்ட தனித் தாள் என்பதை ஏற்கிறேன். இலக்க வடிவைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை. எழுத்தாலும் எழுதும்போது, எண்ணை நம் முறையில் பிரித்தால் என்ன கெட்டுவிடும் என்று தெரியவில்லை. ஆனால் தொலைபேசியில் ஒத்துப்பார்க்க வேண்டிய தாள் என்ற காரணம் வலுவானது என்று ஒப்புக்கொள்கிறேன்.

---

புதுவை மணி

வணக்கம். என் மகள் முதுகலை படிக்க எஃப்-1 விசாவில் போகிறாள். அவளுடைய பல்கலைக்கழகம் தன்னுடைய காப்பீட்டுத் திட்டத்திலேயே சேரச் சொல்கிறது, கட்டணம் மிக அதிகம். இங்கே பேசப்படும் 250,000 டாலர் பாலிசி எந்த நிறுவனத்தினுடையது? அதை எடுத்தால் பல்கலைக்கழகம் ஏற்குமா? எக்ஸஸ் 100 டாலர்தான் என்பதால் நல்ல பாலிசியாகத் தெரிகிறது. ஜே-1 மாணவருக்கு அரசே ஏதோ வரம்பு வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், அது என் மகளுக்கும் பொருந்துமா?

---

க்ளெய்ம் மேசை

மணி அவர்களே, இந்த இழை எந்த பாலிசியை வாங்குவது என்பதைப் பற்றியது அல்ல. ஆனாலும் உங்கள் கேள்வியின் ஒரு பகுதி இங்கே பேசும் செய்தியோடு தொடர்புடையது என்பதால் சொல்கிறேன்.

ஜே-1 விசாவில் வருபவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பை அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பே எண்ணோடு சொல்கிறது. 22ஆம் தலைப்பில் 62.14ஆம் பிரிவு அது. ஒரு விபத்துக்கு அல்லது ஒரு நோய்க்கு 100,000 டாலர் மருத்துவக் காப்பு, உடலைத் தாயகம் அனுப்ப 25,000 டாலர், மருத்துவக் காரணத்தால் தாயகத்துக்கு இடமாற்ற 50,000 டாலர் ஆகியவை இருக்க வேண்டும். காப்பீடு பெற்றவர் தாமே ஏற்பது ஒரு விபத்துக்கு அல்லது நோய்க்கு 500 டாலருக்கு மேற்படக் கூடாது. எஃப்-1 விசாவுக்கு இப்படிக் கூட்டாட்சி அளவில் காப்பீட்டு நிபந்தனை கிடையாது. அங்கே பல்கலைக்கழகம் வைப்பதுதான் நிபந்தனை. ஆகவே உங்கள் மகளின் விஷயத்தில், வெளியில் எடுத்த பாலிசியைக் காட்டித் தங்கள் திட்டத்திலிருந்து விலக்குப் பெறலாமா, அதற்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல அலுவலகத்திடமே எழுதிக் கேளுங்கள். எக்ஸஸ் குறைவு என்பதை மட்டும் வைத்து பாலிசியை நல்லது என்று சொல்லிவிட முடியாது.

வைகைக்கரை அவர்கள் கவனிக்க வேண்டியது இது. விதியில் எண்களோடு ஒட்டிக்கொண்டே 'ஒரு விபத்துக்கு அல்லது ஒரு நோய்க்கு' என்ற அளவும் வருகிறது. உங்கள் பாலிசியின் 250,000 என்பது ஒரு விபத்துக்கா, பாலிசிக் காலம் முழுவதற்குமா? அட்டவணை எதைச் சொல்கிறதோ அதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அடிக்குறிப்புக்குத் தள்ளினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

---

புதுவை மணி

மிக்க நன்றி ஐயா. அலுவலகத்துக்கு எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைத் தனிச் செய்தியில் யாராவது சொன்னால் நல்லது.

---

யாழ்நிலா

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் காப்புறுதி, கட்டுப்பணம் என்று எழுதுவோம், நீங்கள் உங்கள் வாசகருக்கு ஏற்றபடி காப்பீடு, பிரீமியம் என்றே எழுதுங்கள். நான் பேச வந்தது 'இன்க்ளூடட்' என்ற கட்டத்தைப் பற்றி.

'சேர்க்கப்பட்டுள்ளது' என்று எழுதினால் இரண்டு விதமாகப் படிக்கலாம். இந்தச் செலவுக்கும் காப்பு உண்டு என்பது ஒன்று. இந்தச் செலவு மேலே உள்ள மருத்துவச் செலவின் 250,000 வரம்புக்குள்ளேயே அடங்கும் என்பது மற்றொன்று. முதல் பொருளில் படிக்கும் தந்தை, 250,000 முழுவதும் மருத்துவமனைக்கு இருக்கிறது, மகனை ஊருக்குக் கொண்டுவரும் செலவு அதற்கு மேல் தனியாகக் கிடைக்கும் என்று நம்புவார். இரண்டாம் பொருளே உண்மையாக இருந்தால், மருத்துவமனைச் செலவு 230,000 ஆகிவிட்ட நிலையில் இடமாற்றத்துக்கு 20,000 டாலர்தான் மிஞ்சும். படுத்த நிலையில் உள்ள நோயாளியை மருத்துவப் பணியாளர் துணையோடு அமெரிக்காவிலிருந்து இந்தியா கொண்டுவர அது போதாமல் போகலாம். மேலே ஐயா சொன்ன 50,000 டாலர் நிபந்தனையோடு இந்தக் கட்டத்தை எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்ற கேள்வியும் எழுகிறது. அதைப் பல்கலைக்கழகம் பார்த்துக்கொள்ளும், மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கேள்வி எழக்கூடிய இடம் தமிழில் மறைந்துபோகக் கூடாது.

விதிமுறையில் இடமாற்றச் செலவு முதல் பகுதியின் வரம்புக்கு உட்பட்டது என்று தெளிவாக இருந்தால், 'மருத்துவச் செலவு வரம்புக்குள் அடங்கும்' என்று எழுதுங்கள். அங்கேயும் தெளிவில்லை என்றால் மூலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் 'இன்க்ளூடட்' என்றே வைத்து, இது வரம்புக்குள் அடங்குமா என்பதை நிறுவனத்திடம் உறுதிசெய்ய வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எழுதுங்கள். உங்கள் ஊகத்தை மட்டும் அந்தக் கட்டத்தில் எழுதிவிடாதீர்கள்.

'நில்' என்பதிலும் இதே கவனம் வேண்டும். எக்ஸஸ் பத்தியில் 'நில்' என்றால் தாமே ஏற்க வேண்டியது ஒன்றுமில்லை என்று பொருள், அது காப்பீடு பெற்றவருக்கு நல்ல செய்தி. வரம்புப் பத்தியில் அதே சொல் வந்தால் காப்பே இல்லை என்று பொருள். இரண்டுக்கும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டே போனால், ஒரு வரியை மட்டும் பார்ப்பவர் உடலைத் தாயகம் அனுப்பக் காப்பு இல்லை என்று படித்துவிடலாம்.

---

வைகைக்கரை

அனைவருக்கும் நன்றி. விதிமுறைப் புத்தகம் வந்துவிட்டது. க்ளெய்ம் மேசை ஐயா சொன்ன வாக்கியம் அதில் இருக்கிறது: ஒரே விபத்து அல்லது ஒரே நோயிலிருந்து எழும் செலவுகள் ஒரே க்ளெய்மாகக் கருதப்படும். இடமாற்றச் செலவு மருத்துவச் செலவு வரம்புக்குள் அடங்கும் என்றும் தெளிவாக இருக்கிறது. இந்த இரண்டும் தீர்ந்தன. 250,000 என்பது ஒவ்வொரு விபத்துக்கும் நோய்க்கும் உரியது என்று அட்டவணையின் தலைப்பிலேயே சிறிய எழுத்தில் இருக்கிறது. அதையும் எண்ணின் பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

புத்தகத்தைப் படித்தபோது புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. அட்டவணையில் எக்ஸஸ் என்று இருப்பது விதிமுறையில் எல்லா இடத்திலும் டிடக்டபிள் என்று வருகிறது. இரண்டும் ஒன்றுதானா? அப்படியானால் பல் சிகிச்சைக்கு 800 டாலர் ரசீது வந்தால் 500 கிடைக்குமா, 400 கிடைக்குமா? தந்தை இதைத்தான் முதலில் கேட்டார்.

---

க்ளெய்ம் மேசை

இந்திய நிறுவனங்களின் பயணக் காப்பீட்டில் இரண்டு சொற்களும் பெரும்பாலும் ஒரே பொருளில் மாறி மாறி வரும். ஆனால் 'பெரும்பாலும்' என்பதை நம்பித் தமிழில் ஒரே சொல்லாக்கிவிடக் கூடாது. விதிமுறையின் வரையறைப் பகுதியில், அட்டவணையில் எக்ஸஸ் எனக் குறிப்பிட்டதே இது என்று இணைத்துச் சொல்லியிருந்தால் ஒரே தமிழ்ச் சொல் போதும். சொல்லவில்லை என்றால் நிறுவனத்திடம் கேட்டுத் தெளிந்த பிறகே ஒன்றாக்குங்கள்.

பல் சிகிச்சைக்கு என் விடை 500. ரசீது 800, அதில் 100 கழித்தால் 700, அது வரம்பை மிஞ்சுவதால் 500. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தரப்படுத்தப்பட்ட வரையறையே, டிடக்டபிள் காப்பீட்டுத் தொகையைக் குறைக்காது என்று சொல்கிறது. வரம்பிலிருந்து கழித்து 400 தந்தால் வரம்பையே குறைத்ததாகும்.

---

சென்னை டிபிஏ

மருத்துவக் க்ளெய்ம்களைப் பரிசீலிக்கும் பணியில் இப்போது இருப்பவன் என்ற முறையில் சிறிது மாறுபடுகிறேன். ஐயா மேற்கோள் காட்டும் வரையறை 'காப்பீட்டுத் தொகை'யைப் பற்றியது. இந்த பாலிசியில் காப்பீட்டுத் தொகை என்பது மருத்துவச் செலவுக்கான 250,000. பல் சிகிச்சைக்கான 500 அதற்குள் அடங்கும் உள்வரம்பாக இருந்தால், முதலில் ஏற்கத்தக்க செலவை 500 என்று நிர்ணயித்துவிட்டு அதன்பின் 100 கழித்து 400 தரும் நடைமுறையையும் பார்த்திருக்கிறேன். ஏற்கத்தக்க செலவு என்பதை எந்தக் கட்டத்தில் கணக்கிடுவது என்று விதிமுறை எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பொறுத்தது அது. 600 டாலருக்குக் கீழே வரும் ரசீதுகளிலும் இந்த வேறுபாடு ஓரளவு தெரியும். 550 டாலர் ரசீதுக்கு ஐயாவின் கணக்கில் 450, மற்றக் கணக்கில் 400. 500 டாலரும் அதற்குக் கீழும் என்றால் இரண்டு கணக்கும் ஒன்றே.

---

க்ளெய்ம் மேசை

நடைமுறை இருக்கிறது என்பதை மறுக்கவில்லை, தம்பி. அது சரியான நடைமுறை என்பதைத்தான் மறுக்கிறேன். இங்கே அட்டவணையில் பல் சிகிச்சை தனி வரியாக, தனக்கென வரம்பும் தனக்கென எக்ஸஸும் கொண்டு நிற்கிறது. அப்படி நிற்கும் ஒன்றை உள்வரம்பு என்று சொல்ல முடியாது. விதிமுறை தெளிவாக இல்லாதபோது பொருள்கொள்வதில் வாடிக்கையாளருக்குச் சாதகமான பொருளை எடுக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

---

மெய்ப்பு நோக்குநர்

இருவரில் யார் சொல்வது சரி என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இந்த விவாதமே மொழிபெயர்ப்பாளர் என்ன செய்யக் கூடாது என்பதைக் காட்டிவிட்டது. '500 டாலர் வரை, அதில் 100 கழித்து' என்று இரண்டு கட்டங்களையும் ஒரே வாக்கியமாக்கினால் நீங்கள் 400 என்று முடிவு செய்துவிட்டீர்கள். '100 கழித்தபின் 500 வரை' என்று எழுதினால் 500 என்று முடிவு செய்துவிட்டீர்கள். மூலம் எதையும் முடிவு செய்யவில்லை, இரண்டு எண்களை இரண்டு பத்திகளில் வைத்திருக்கிறது, அவ்வளவே. தமிழிலும் இரண்டு பத்திகளாகவே இருக்கட்டும். படிக்க இலகுவாக இருக்கும் என்று அட்டவணையை உரைநடையாக மாற்றித் தருபவர்கள் இந்த இடத்தில்தான் அறியாமலேயே ஒப்பந்தத்தை மாற்றி எழுதிவிடுகிறார்கள். 'வரை' என்ற சொல் எந்த வரியில் மூலத்தில் இருக்கிறது, எந்த வரியில் இல்லை என்பதையும் பாருங்கள். மருத்துவமனையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று தரும் படி போன்றவற்றில் தொகை நிலையானது, உச்சவரம்பு அல்ல. அங்கே பழக்கத்தில் 'வரை' சேர்ந்துகொள்ளும்.

தந்தையின் கேள்விக்கு விடையை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு வாங்குவதே வழி. எண்ணோடு கேட்கச் சொல்லுங்கள்: ரசீது 800 என்றால் எவ்வளவு தருவீர்கள், ஏன்? பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைதான் வரும்.

---

சென்னை டிபிஏ

அதோடு ஒன்று. 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வடிவ வாடிக்கையாளர் தகவல் தாளை, பாலிசிதாரர் விரும்பினால் உள்ளூர் மொழியில் தர வேண்டும் என்று ஆணையம் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. வரம்பு, தாமே ஏற்பது, விலக்கு, க்ளெய்ம் செய்யும் முறை ஆகியவை அந்தத் தாளில் சுருக்கமாக இருக்கும். இந்த பாலிசிக்கு அப்படி ஒரு தாள் இருந்தால் தமிழில் கேட்டுப் பாருங்கள். அட்டவணையின் எல்லா வரியும் அதில் வராது என்பதால் உங்கள் வேலை அப்படியேதான் இருக்கும். ஆனால் நிறுவனமே பயன்படுத்தும் தமிழ்ச் சொற்கள் தெரிந்தால், தந்தை தொலைபேசியில் பேசும்போது இருதரப்பும் ஒரே சொல்லைப் பேசலாம்.

---

யாழ்நிலா

நிறுவனத்தின் தமிழ்த் தாளில் எக்ஸஸ் 'கூடுதல் தொகை' என்று இருந்தால் என்ன செய்வீர்கள்?

---

சென்னை டிபிஏ

அப்படி இருந்தால் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள மாட்டேன். நிறுவனத்துக்கே எழுதிச் சுட்டிக்காட்டுவேன்.

---

வைகைக்கரை

இப்போது நான் அனுப்பப்போகும் வரிகள் சில. பத்தித் தலைப்பு 'காப்பீடு பெற்றவர் தாமே ஏற்க வேண்டியது'. வரையறைப் பகுதியில் டிடக்டபிள் என்பது அட்டவணையின் எக்ஸஸ் பத்தியில் காட்டப்பட்டதே என்று இருப்பதால் இரண்டுக்கும் இதே சொல்.

மருத்துவச் செலவு: 'ஒவ்வொரு விபத்துக்கும் அல்லது நோய்க்கும் அமெரிக்க டாலர் 250,000 வரை, எழுத்தால் இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம்'. அடுத்த பத்தியில் 'ஒவ்வொரு க்ளெய்முக்கும் அமெரிக்க டாலர் 100'. ஒரே விபத்தின் செலவுகள் ஒரே க்ளெய்ம் என்பதை, விதிமுறையின் பிரிவு எண்ணோடு மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகக் கீழே தருகிறேன், ஏனெனில் அட்டவணையில் அந்த வாக்கியம் இல்லை. 'இரண்டரை லட்சம்' என்பதை விட்டு 'இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம்' என்று எழுதியது தந்தை கேட்டுக்கொண்டதால்.

இடமாற்றம்: 'மருத்துவச் செலவு வரம்புக்குள் அடங்கும்', அடுத்த பத்தியில் 'தாமே ஏற்க வேண்டியது ஏதுமில்லை'. பெட்டித் தாமதம்: 'அமெரிக்க டாலர் 100 வரை', அடுத்த பத்தியில் 'முதல் 12 மணி நேரம்'. பல் சிகிச்சைக்கு 500, 100 என்று இரண்டு எண்களும் தனித்தனிப் பத்திகளில் எந்த விளக்கமும் இல்லாமல் நிற்கும். 800 டாலர் கேள்வியைத் தந்தை நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறார், விடை வந்ததும் இங்கே பதிவிடுகிறேன். ஆங்கில மூலமே சட்டப்படி செல்லும் என்ற வரி ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கிறது.

---

க்ளெய்ம் மேசை

'முதல் 12 மணி நேரம்' என்பதை மட்டும் மீண்டும் பாருங்கள். எந்த நேரத்திலிருந்து எண்ணுவது என்பதை விதிமுறை சொல்லும். விமானம் தரையிறங்கிய நேரத்திலிருந்தா, அட்டவணைப்படி தரையிறங்க வேண்டிய நேரத்திலிருந்தா என்பது பாலிசிக்கு பாலிசி மாறும். இதுவும் குறிப்பில் வர வேண்டியது. விமான நிறுவனத்திடம் பெட்டி வரவில்லை என்று விமான நிலையத்திலேயே எழுதி வாங்கும் அறிக்கையில் நேரம் பதிவாகியிருக்கும். மாணவர் அதை வாங்காமல் வெளியே வந்துவிட்டால், 12 மணி நேரம் கடந்தது என்று பின்னால் நிறுவுவது கடினமாகிவிடும்.

---

வைகைக்கரை

பார்த்தேன் ஐயா. மாணவர் சென்று சேர வேண்டிய விமான நிலையத்தில் அவருடைய விமானம் உண்மையில் தரையிறங்கிய நேரத்திலிருந்து என்று இருக்கிறது. குறிப்பில் சேர்த்துவிட்டேன்.